அத்தைக்கு மெத்தை ஆகாது

சூசைநாதன் சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட் ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்குத் தெரிந்த கட்டில் ஒரே ஒரு கட்டில்தான். அவன் அப்பா கபிரியேல், செம்பவாங் கப்பல் தளத்தில் பெயின்ட் அடித்தவர், தலை சாயும்வரை படுத்திருந்த கயிற்றுக் கட்டில். மற்றவர்களெல்லாம் பாயில். ஆகவே உலகத்தில் கட்டிலுக்கு இத்தனை பெயர் இருக்கிறது, அதிலும் ஒவ்வொரு நாட்டுக்காரனும் ஒரே பெயரைச் சொல்லி வேறு வேறு கட்டிலைக் கேட்பான் என்பதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்?

ஹோட்டலின் முதலாளி ரவூப். நாகூர்க்காரர். முன்னால் கைலி வியாபாரம். பழைய கடைவீடு மூன்றை வாங்கி நடுச்சுவர்களை இடித்து ஹோட்டல் ஆக்கியவர். கீழே கவுண்டர், சமையல்கட்டு, அவருடைய ஆபீஸ், பின்சந்தைப் பார்த்தபடி இரண்டு சிறிய அறைகள். அதற்கு மேலே உள்ளதை ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்பார்கள். அதற்கும் மேலே செகண்ட் ஃப்ளோர். லிஃப்ட் கிடையாது. வெள்ளைக்காரன் ஆண்ட ஊர் இல்லையா, அவன் வழக்கப்படி தெருவோடு இருப்பது கிரவுண்ட், அதற்கு மேலே ஏறினால்தான் ஒன்று.

சேர்ந்த முதல் வாரமே இரண்டு ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். கடலுக்கு அடியில் முக்குளித்துக் கப்பல் பழுது பார்ப்பவர்கள். ஆளுக்கு ஒரு தாடி, இடுப்பு வரைக்கும் இல்லாவிட்டாலும் நெஞ்சு வரைக்கும். "டபுள் ரூம்" என்றார்கள். அவர்கள் ஊரில் அப்படியென்றால் இரண்டு பேர் தங்கும் அறை என்று மட்டும்தான் அர்த்தம். சூசைநாதன் சாவியைக் கொடுத்தான். மேலே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு பெரிய கட்டில், அதில் ஒரே ஒரு போர்வை. இரண்டு தாடிகளும் இறங்கி வந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, பிறகு சூசைநாதனைப் பார்த்த பார்வையில் அவன் கவுண்டருக்குக் கீழே பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்துவிட்டான்.

சரி, இனிமேல் டபுள் என்று யார் கேட்டாலும் இரண்டு கட்டில் உள்ள ட்வின் அறையையே கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தான். அடுத்து வந்தது மெல்பர்னிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. டபுள் என்று அழகாகத்தான் கேட்டார்கள். இவன் ட்வினைக் கொடுத்தான். அவர்கள் பாவம், சண்டை போடத் தெரியாதவர்கள், இரண்டு கட்டிலையும் நகர்த்தி ஒட்டவைத்துக்கொண்டார்கள். மறுநாள் மாப்பிள்ளை முழங்கையில் கட்டோடு இறங்கி வந்தான். கட்டில் இரண்டும் விலகி, நடுவில் உண்டான பள்ளத்தில் ஆள் விழுந்திருக்கிறான்.

அறை பெருக்கும் முத்தாயி கேட்டாள்: "என்ன தம்பி, தாடிக்காரங்களைச் சேர்த்துப் படுக்க வச்ச. புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சுப் படுக்க வச்ச. உனக்கு யாரு மேல கோவம்?"

இதற்கிடையில் ரவூப் ஒரு பலகை எழுதி மாட்டினார். எல்லா அறையும் என்சூட் என்று. ஒவ்வொரு அறைக்குள்ளேயும் தனிக் குளியலறை இருக்கிறது, தாழ்வாரத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டாம் என்பதுதான் சேதி. இங்கிலாந்துக்காரர்களுக்கு அது சட்டென்று புரிந்தது. அமெரிக்கர்கள் சிலர் அதில் உள்ள சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, சோபா போட்ட தனி ஹால் எங்கே என்று கேட்டார்கள். மெட்ராசிலிருந்து வந்தவர்கள் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், அட்டாச்டு பாத்ரூம் உண்டா?" என்றார்கள்.

மாடிக் கணக்கு அதைவிட மோசம். அமெரிக்காவில் தெருவோடு இருப்பதே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். சீனர்களுக்கும் ஜப்பான்காரர்களுக்கும் அப்படித்தான். ஒரு அமெரிக்கக் கிழவனும் கிழவியும் 104 சாவியை வாங்கிக்கொண்டு, ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்று சொன்னதும் படியேறாமல் கீழேயே சுற்றினார்கள். ஒரு கதவைத் திறந்தால் சமையல்கட்டு. இன்னொரு கதவைத் திறந்தால் ஆபீசில் ரவூப் கைலி மாற்றிக்கொண்டிருந்தார். கிழவி மன்னிப்புக் கேட்டாள். கிழவன் அதுகூடக் கேட்கவில்லை, நின்று பார்த்துவிட்டுத்தான் போனான்.

"சூசே, இது ஹோட்டலா, சர்க்கஸா?" என்று ரவூப் கத்தியது முஸ்தபா கடைத்தெரு வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் சூசைநாதன் வார்த்தையை நம்புவதை விட்டான். எந்த விருந்தாளி வந்தாலும் முதலில் முகத்தைப் பார்த்து எந்த ஊர் என்று கண்டுபிடிப்பான். பிறகு கையால் கேட்பான். இரண்டு உள்ளங்கையையும் தள்ளித் தள்ளி வைத்தால் ட்வின். சேர்த்து வைத்தால் டபுள். படியைக் காட்டி விரலை மேலே தூக்கினால் ஏறுவீர்களா என்று கேள்வி. பாதிரியார் பூசை வைப்பதுபோல இருக்கும் பார்க்க. ஆனால் சண்டை நின்றது. ஐந்தாறு வருஷத்தில் செராங்கூன் சாலைப் பக்கம் ஹோட்டல் வைத்திருந்தவர்களெல்லாம் தங்கள் ஆட்களை அனுப்பி அந்தக் கையாட்டத்தைப் பார்த்து வரச் சொன்னார்கள்.

அந்தக் கைக்குச் சோதனை எழுபத்தொன்பதில் வந்தது.

லூர்து மாதா கோயில் பாடகர் குழுவில் பிரிஜட் என்று ஒரு பெண். தோபாயோ பக்கம் ரேடியோ தொழிற்சாலையில் வேலை. சூசைநாதனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது, ஆனால் அதை அவள் சொல்லும் விதம் வேறு. "உங்க தலைக்கு எண்ணெய் கொஞ்சம் ஓவர் லா" என்பாள், சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சின் கடைசியில் ஒட்டும் அந்த லாவோடு. அவ்வளவுதான். அவன் அதை ஒரு வாரம் வைத்துச் சாப்பிடுவான்.

பிரிஜட்டின் அப்பா உயிரோடு இல்லை. அம்மா ரோசம்மா வாயில்லாப் பூச்சி. அந்த வீட்டில் கல்யாணம் காட்சி என்றால் முடிவு சொல்கிறவள் பிரிஜட்டின் அத்தை, அதாவது அப்பாவின் அக்காள், நாகப்பட்டினம் வெளிப்பாளையத்து அல்போன்சம்மாள். கைம்பெண். பெரிய உடம்பு. அதைவிடப் பெரிய குரல். பிரிஜட்டுக்கு வந்த இரண்டு சம்பந்தத்தை அவள் ஏற்கெனவே கலைத்திருந்தாள். ஒரு மாப்பிள்ளை சாப்பிடும்போது சத்தம் வருகிறது என்றாள். இன்னொருவன் சத்தமே இல்லாமல் சாப்பிடுகிறான், கள்ளன் என்றாள். இத்தனைக்கும் இரண்டு பேரையும் அவள் நேரில் பார்த்ததில்லை, கேட்டறிந்ததுதான். இந்தத் தடவை நேரிலேயே வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள். மெட்ராசில் கப்பல் ஏறுகிறாள். அவளுடைய தம்பி ஆம்ப்ரோஸ், பிரிஜட்டுக்குச் சித்தப்பா, அமெரிக்காவில் சிக்காகோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், அவரும் விமானத்தில் வருகிறார். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பிரிஜட்டுக்கு இருபத்தொன்பது வயது, சூசைநாதனுக்கு முப்பத்தாறு. மூன்றாவது தடவையும் கலைந்தால் ரோசம்மா மகளைக் கன்னியர் மடத்துக்கே அனுப்பிவிடுவதாக நேர்ந்திருந்தாள்.

ரோசம்மா வீடு ஆங் மோ கியோவில், வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடியில் ஏழாவது தளம். லிஃப்ட் ஐந்தில் நிற்கும், அப்புறம் ஒன்பதில் நிற்கும், ஏழில் நிற்காது. எங்கே இறங்கினாலும் இரண்டு மாடி நடக்க வேண்டும். அதனால் வருகிறவர்களை ஹோட்டலில் தங்க வைப்பது என்று முடிவானது. "எங்க ஹோட்டல் இருக்கே! ராஜா மாதிரி கவனிச்சுக்கிறேன்" என்று சூசைநாதன் முந்திக்கொண்டு சொன்னான். அங்கேதான் ஆரம்பம்.

சிக்காகோவிலிருந்து ஆம்ப்ரோஸ் டெலிபோன் போட்டார். கடல் இரைச்சலுக்கு நடுவே தமிழ் கேட்டது.

"ஹலோ, சூசைநாதனா? எங்களுக்கு ஒரு ரூம் போட்டு வை தம்பி. டபுள் டபுள்."

"டபுள் டபுள் சார்! கண்டிப்பா சார்!"

"ஃபர்ஸ்ட் ஃப்ளோர்லதான் வேணும். அது முக்கியம்."

"ஃபர்ஸ்ட் ஃப்ளோர் சார்!"

டெலிபோனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு சூசைநாதன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் காட்டினான். படியையும் காட்டினான். சிக்காகோவுக்கு அது தெரியவில்லை. முகம் பார்க்கவும் வழியில்லை. குரல் தமிழில் பேசியதால், பேசுகிறவர் நாகப்பட்டினத்துக்காரர் என்று அவன் எடுத்துக்கொண்டான். அமெரிக்காவில் இருந்த பதினைந்து வருஷத்தில் ஆம்ப்ரோசின் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் தரைக்கு இறங்கிவிட்டது என்று அவனுக்கு யார் சொல்வது?

டபுள் டபுள் என்றால் அமெரிக்க ஹோட்டல்களில் ஒரே அறையில் இரண்டு பெரிய கட்டில். அக்காளுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. சிங்கப்பூரில் அப்படி ஒரு அறையைச் சூசைநாதன் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. நாம் தமிழில் பெரிய பெரிய வீடு, நல்ல நல்ல பழம் என்று அழுத்திச் சொல்கிறோம் அல்லவா, அப்படித்தான் சொல்கிறார் என்று நினைத்தான். எங்களுக்கு என்கிறார், அப்படியென்றால் மனுஷர் பெண்டாட்டியோடு வருகிறார். பெரிய கட்டிலாகக் கேட்கிறார், அதுவும் இரண்டு தடவை சொல்லிக் கேட்கிறார். அமெரிக்காவில் இருக்கிறவர், வெட்கம் போய்விட்டது. ஆம்ப்ரோசுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதை அவன் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்து, வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பிய ஒரு கோயில்காரம்மா வழியாக அல்போன்சம்மாள் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்து படியில் நின்று பிரிஜட் அதை இவனிடம் ஒப்பித்தாள்.

"அத்தைக்கு மெத்தை ஆகாதாம். முட்டி வலியாம். மெத்தை மட்டும் வேண்டவே வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்களாம்."

"மெத்தையில படுத்தா முட்டி வலிக்குமா?"

"எனக்கு என்ன தெரியும்? ஹார்ட் பெட் நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க லா."

பிரிஜட் இங்கேயே, கண்டாங் கெர்பா ஆஸ்பத்திரியில் பிறந்தவள். சூசைநாதனின் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேருக்கும் மெத்தை என்றால் பஞ்சு அடைத்தது, ஒன்றே ஒன்றுதான்.

கப்பல் வரும் அன்று சூசைநாதன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டான். மேலே 103தான் ஹோட்டலின் பெரிய கட்டில் அறை. அதை ஆம்ப்ரோஸ் தம்பதிக்கு ஒதுக்கினான். முத்தாயியை விட்டு மல்லிகையை உதிர்த்துக் கட்டில் மேல் தூவ வைத்தான். இரண்டு தலையணையையும் ஒன்றோடொன்று சாய்த்து வைத்தான். பக்கத்து அறை 102 அத்தைக்கு. அங்கே கட்டிலிலிருந்து மெத்தையை உருவினான்.

"நல்ல மெத்தைப்பா இது. போன மாசம்தான் வாங்கினது" என்றாள் முத்தாயி.

"அத்தை வேண்டாம்னுட்டாங்கக்கா. அத்தை சொன்னா சொன்னதுதான்."

சட்டத்தின்மேல் தச்சு வேலைக்கு வந்த பலகை ஒன்றைக் கிடத்தினான். அதன்மேல் பாய், பாயின்மேல் சுருக்கமில்லாமல் வெள்ளைத் துப்பட்டி. அத்தை ஜெபம் செய்கிற பெண்மணி என்று தலைமாட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் ஒன்றை வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி நிறுத்தினான். முத்தாயி வாசலில் நின்று பார்த்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு இவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிற்பகலில் டாக்சி வந்து நின்றது. விமானத்தில் முந்தியே வந்திறங்கிய தம்பி, துறைமுகம் போய் அக்காளை அழைத்துக்கொண்டு சேர்ந்தே வந்தார். ஆம்ப்ரோஸ் கட்டம் போட்ட கோட்டு. அல்போன்சம்மாள் டாக்சியிலிருந்து இறங்குவதற்கு டிரைவர், தம்பி, சூசைநாதன் மூன்று பேரும் கை கொடுத்தார்கள்.

"சார், மேடம் வரலீங்களா?" என்று சூசைநாதன் மெதுவாகக் கேட்டான்.

"எந்த மேடம்?" என்றார் ஆம்ப்ரோஸ், டிரைவருக்குக் காசு கொடுப்பதில் கவனமாக.

பின்னால் வருகிறாள் போல என்று சூசைநாதன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினான். அல்போன்சம்மாள் படியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"டேய் அம்புரோசு, என்னடா இது? கீழேதானே சொல்லியிருக்கேன்னே?"

"சொல்லியிருக்கேன்க்கா. ஒருவேளை ஆபீஸ் மேல இருக்கும், ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட."

ஏறினாள். ஒரு படிக்கு ஒரு புனிதர் பெயரைச் சொல்லி ஏறினாள். புனிதர்கள் தீர்ந்தபின் மிச்சப் படிக்கெல்லாம் தம்பியைத் திட்டி ஏறினாள். மேலே 103 வாசலில் ரவூப் ஜிப்பா போட்டு நின்றார். சூசைநாதனுக்கு அப்பா அம்மா இல்லாததால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக நிற்பதாக அவரே சொல்லியிருந்தார். அமெரிக்காவிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வருகிறார்கள் என்று சூசைநாதன் சொல்லியிருந்ததும் அவர் நினைவில் இருந்தது. ஆண் ஒருவர், பெண் ஒருவர், மூச்சு வாங்கி வந்து நிற்கிறார்கள். ரவூப் கதவைத் தள்ளித் திறந்தார்.

"வாங்கம்மா, வாங்க. உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் நம்ம ஹோட்டல்லயே நல்ல கட்டிலாப் போட்டிருக்கு. பூவெல்லாம் நம்ம பையன் ஏற்பாடு."

மல்லிகை வாசனை குப்பென்று வந்தது. அல்போன்சம்மாள் கட்டிலைப் பார்த்தாள். தலையணைகளைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரனா?" என்றாள். குரல் இன்னும் ஏறவில்லை. அதுதான் பயம். "யாரு, இவனா? இவன் என் தம்பிய்யா! இவன் மூக்கை நான் முந்தானையில துடைச்சவ!"

ரவூப் சூசைநாதனைப் பார்த்தார். சூசைநாதன் ஆம்ப்ரோசைப் பார்த்தான். ஆம்ப்ரோஸ் கட்டிலைப் பார்த்தார்.

"நான் டபுள் டபுள்தானே கேட்டேன்?"

"அதான் சார் பெரிசாப் போட்டிருக்கேன்!"

"ரெண்டு டபுள்டா! ரெண்டு கட்டில்!"

அல்போன்சம்மாள் வெளியே போவதற்காகக் கண்ணில் பட்ட கதவைத் திறந்தாள். அது குளியலறை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் படாரென்று சாத்தினாள். "அடச்சீ, படுக்கிற இடத்துக்குள்ளேயே கக்கூஸா? மனுஷன் இருப்பானா இங்க?"

"அது என்சூட்டும்மா" என்றார் ரவூப்.

"என்ன சூடோ, மூடி வையுங்க!"

சூசைநாதன் கையைப் பிசைந்தான். நிலைமையைச் சரிசெய்ய அவனிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. "அத்தை, இது உங்களுக்கு இல்ல. உங்க ரூம் தனியாப் பக்கத்துல இருக்கு. நீங்க சொன்னபடியே செஞ்சு வச்சிருக்கேன்" என்று 102 கதவைத் திறந்தான். அவன் திறந்தபோது மெழுகுவர்த்தி இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. டாக்சியைப் பார்த்ததுமே முத்தாயியை அனுப்பி ஏற்றச் சொல்லியிருந்தான்.

பலகை. வெள்ளைத் துணி. தலைமாட்டில் சுரூபம். இரு பக்கமும் சுடர்.

ஆம்ப்ரோஸ் தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

"யாருப்பா செத்தது?" என்றாள் அல்போன்சம்மாள்.

மூன்று பேரும் அவளையே திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓகோ. நான்தானா? கப்பல்ல வந்த களைப்புத் தீர்ந்து படுத்தா அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம்னு எல்லாம் தயாரா இருக்கு. பெட்டியும் செஞ்சாச்சா, இல்ல அளவு எடுக்கணுமா?"

ஏறியதைவிட இறங்குவதுதான் முட்டிக்குக் கஷ்டம். பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று அவள் இறங்கினாள். கவுண்டருக்கு எதிரே இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி கத்தியது.

"சாயங்காலம் ரோசம்மா வரட்டும். இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, கேலாங்குல நம்ம சவரிமுத்து மச்சான் வீட்டுக்குப் போயிடறேன். அவன் குடிகாரன்தான். ஆனா குடிச்சிருந்தாலும் அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே பாய் விரிக்க மாட்டான்."

சூசைநாதன் கவுண்டருக்குப் பின்னால் நின்றான். அந்த நேரம் பார்த்து நியூசிலாந்துத் தம்பதி ஒன்று வந்து ட்வின் கேட்டது. அவன் கைகள் தாமாகவே எழுந்தன, தள்ளித் தள்ளி நின்றன, பிறகு துவண்டு கவுண்டரில் விழுந்தன. சாவியை எடுத்துக் கொடுத்தான்.

ரவூப் தேநீர் வரவழைத்தார். அதை அல்போன்சம்மாள் கையில் கொடுத்தபடி கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பேச்சைக் கேட்டா நம்ம பக்கம் மாதிரி இருக்கு. எந்த ஊரு?"

"நாகப்பட்டினம். வெளிப்பாளையம்."

"அட அல்லாவே! நான் நாகூரு!"

"நாகூர்க்காரரா இருந்துமா இப்படி ஒரு பையனை வேலைக்கு வச்சிருக்கீங்க? நான் அவ்வளவு தூரம் சொல்லி அனுப்பியிருக்கேன், எனக்கு மெத்தை ஆகாது, மெத்தை வேண்டவே வேண்டாம்னு. என்னைக் கொண்டுபோய் மெத்தைக்கு ஏத்திட்டானே!"

ரவூப் ஒரு வாய் தேநீரை விழுங்கப் போனவர், விழுங்க முடியாமல் நின்றார். அவர் முகம் சிவந்தது. மேலே 102 இருக்கும் பக்கம் பார்த்தார், சூசைநாதனைப் பார்த்தார், பிறகு ஜிப்பாவெல்லாம் தேநீராகச் சிரித்தார்.

"சூசே! டேய் சூசே! மெத்தைன்னா என்னடா?"

"பெட்டு மேல போடறது, முதலாளி."

"எங்க ஊர்ல மெத்தைன்னா மாடிடா! மேல் வீடு! மெத்தை வீடு, மெத்தைப் படின்னு நீ கேட்டதே இல்லையா? அவங்க மாடி வேண்டாம்னு சொல்லியிருக்காங்க!"

சூசைநாதன் வாய் திறந்தபடி நின்றான். ஆம்ப்ரோஸ், "அதனாலதானே நான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னு அடிச்சுச் சொன்னேன்" என்று ஆரம்பித்தார்.

"சார், ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னா மேல சார். இது கிரவுண்டு."

"கிரவுண்டுன்னா மைதானம்டா!"

"நீ சும்மா இரு" என்றாள் அக்காள். அவள் தேநீரைக் கீழே வைத்தாள். முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது. "இங்க வா தம்பி. கிட்ட வா. நான் மெத்தை வேண்டாம்னு சொன்னேன். நீ என்ன செஞ்ச?"

"மெத்தையை உருவிட்டேன், அத்தை."

"புது மெத்தையையா?"

"போன மாசம் வாங்கினது. முத்தாயி அக்காகூட வேண்டாம்னாங்க. அத்தை சொன்னா சொன்னதுதான்னு உருவிட்டேன்."

"மெத்தையில்லாம மனுஷி எப்படிப் படுப்பான்னு உனக்குத் தோணலையா?"

"தோணிச்சு அத்தை. ஆனா நீங்க சொல்லிட்டீங்களே."

"மெழுகுவத்தி?"

"அது நானாப் பண்ணினது." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க ஜெபம் பண்ணுவீங்கன்னு."

அல்போன்சம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். எண்ணெய் வடியும் தலை, கோணிப்போன கழுத்துப்பட்டை. பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"அம்புரோசு, எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷம் என்கூட இருந்தாரு. நல்லவரு, மோட்சத்துல இருக்கட்டும். மீன் வாங்கிட்டு வாங்கன்னா கருவாடு வாங்கிட்டு வருவாரு. கேட்டா, ரெண்டும் கடல்ல இருந்ததுதானேம்பாரு. உன் அண்ணன், இந்தப் பொண்ணோட அப்பன், சிங்கப்பூர் போகாதேன்னு சொன்னேன், போனான். நீ, கல்யாணம் பண்ணுடான்னு இருபது வருஷமாச் சொல்றேன். நம்ம குடும்பத்துல நான் வாயால சொன்னதை அப்படியே, முட்டாள்தனமாக்கூட, செஞ்ச ஆம்பளை ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்."

ஆம்ப்ரோஸ் கோட்டுப் பொத்தானைத் தடவிப் பார்த்தார்.

"இவன் செஞ்சிருக்கான்" என்றாள். "பலகையிலதான். ஆனா செஞ்சிருக்கான்."

ரவூப் அந்தச் சமயத்தை விடவில்லை. கீழே பின்பக்கம் இருந்த சிறிய அறைக்கு அவளை நடத்திப் போனார். சூசைநாதன் அதைக் கொடுக்காமல் விட்டதற்குக் காரணம், அது சமையல்கட்டை ஒட்டியது, வாசனை வரும், மரியாதை இல்லை என்று. அறையில் ஒல்லியாக இரண்டு கட்டில், நடுவே ஒரு ஆள் நடக்கும் இடைவெளி. அல்போன்சம்மாள் மூக்கை விரித்தாள்.

"ஆட்டுக்கறி. பட்டை கொஞ்சம் தூக்கல்." கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். "இது போதும்யா. இதுக்கு என்ன பேரு?"

"ட்வின், அத்தை. கிரவுண்ட் ஃப்ளோர் ட்வின்."

"பேரு கிடக்கு."

ஆம்ப்ரோஸ் மற்றக் கட்டிலில் படுத்துப் பார்த்தார். கால் இரண்டும் முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கின. எழுந்து, ஒன்றும் சொல்லாமல், தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு 103க்குப் போனார். பூவைத் தட்டிவிட்டுப் படுத்தாரா, தட்டாமலே படுத்தாரா என்பது முத்தாயிக்குத்தான் தெரியும். அவள் கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு மாதிரி சொன்னாள்.

சாயங்காலம் ரோசம்மாவும் பிரிஜட்டும் வந்தார்கள். பிரிஜட் தொழிற்சாலைச் சட்டையோடு நேரே வந்திருந்தாள். அல்போன்சம்மாள் கீழறைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, முத்தாயி எண்ணெய் தேய்க்க, நடந்ததெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். வீட்டுக்காரன் என்று ரவூப் சொன்ன இடத்தில் ரோசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பலகை வந்த இடத்தில் பிரிஜட் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற சூசைநாதனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரோசம்மா, எனக்குச் சம்மதம்" என்று அல்போன்சம்மாள் முடித்தாள். "ஒரே ஒரு சொல்லு. இவங்க குடியிருக்கிற வீடு மெத்தையில இருக்கக் கூடாது. நான் வந்தா ஏற முடியாது."

"அத்தை, வீவக ப்ளாக்ல கீழ வீடே இல்ல. வெறும் தூணுதான். வாய்டு டெக்" என்றாள் பிரிஜட். "லிஃப்ட் நிக்கிற மாடியாப் பாத்து எடுக்கலாம்."

"நிக்குமா?"

"நிக்கிறதாப் பாத்து எடுப்போம். ஆனா அதுக்கு முன்னால…" அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "எல்லாரும் சம்மதம் சொல்லிட்டீங்க. முதலாளி சொல்லிட்டாரு, அத்தை சொல்லிட்டீங்க. என்னை யாராச்சும் கேட்டீங்களா?"

எண்ணெய் தேய்த்த கை நின்றது. அல்போன்சம்மாளுக்கே அப்படி ஒன்று கேட்க வேண்டும் என்று அதுவரை தோன்றியிருக்கவில்லை.

"நானும்தான் அந்த மெத்தைச் சேதியைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். அதுல உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றாள் பிரிஜட் அவனைப் பார்த்து. "ஆனா எங்க அத்தைக்கு உயிரோட இருக்கும்போதே மெழுகுவத்தி வச்சீங்க பாருங்க. இனிமே எதுவா இருந்தாலும், டபுளோ ட்வினோ, மேலயோ கீழயோ, சரியாப் புரியலைன்னா என்னை ஒரு வார்த்தை கேக்கணும். நீங்களா ஒண்ணு நினைச்சுக்கிட்டுப் பூத் தூவக் கூடாது. சரியா?"

"சரி" என்றான் சூசைநாதன்.

"என்ன சரி?"

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"புரியல" என்றான். "இன்னொரு தடவை சொல்றீங்களா?"

பிரிஜட் அப்போதுதான் சிரித்தாள். "பாத்தீங்களா அத்தை, கேக்குறாரு" என்றாள். அல்போன்சம்மாள் காலை இழுத்துக்கொண்டு, கட்டிலில் அவளுக்கு இடம் விட்டாள். ரோசம்மா கல்யாணத் தேதிக்காகச் சாமியாரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சரிப்படுமா என்று கேட்டாள்.